20, 50, 120 மைக்ரான்: கேரி பேக்கின் தடிமனை நம்பி எதைத் தீர்மானிக்கலாம்?

இந்தியாவில் கேரி பேக் குறைந்தது 20 மைக்ரான் இருக்க வேண்டும் என்ற விதி 1999-இல் வந்தது. 2011-இல் அது 40 ஆனது, 2016-இல் 50. 2021 ஆகஸ்ட் திருத்தம் இரண்டு படிகளைச் சேர்த்தே அறிவித்தது: 2021 செப்டம்பர் 30 முதல் 75 மைக்ரான், 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரான். ஆக, சட்டப்படி விற்கக்கூடிய மிக மெல்லிய பை முன்பிருந்ததைப் போல ஆறு மடங்கு தடித்துவிட்டது.

பிளாஸ்டிக்கைக் குறைக்கச் சொல்லும் அதே விதி ஒவ்வொரு பைக்கும் ஆறு மடங்கு பிளாஸ்டிக் போடச் சொல்கிறதே என்று பலரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். விதி எதற்காக வந்தது, எந்த இடத்தில் வேலை செய்கிறது, எந்த இடத்தில் வெறும் எடையைக் கூட்டுகிறது என்று பிரித்துப் பார்த்தால்தான், மத்திய விதி மட்டும் நடப்பில் உள்ள மாநிலங்களில் ஒரு கடையோ வியாபாரிகள் சங்கமோ எந்தப் பையைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்ய முடியும். தமிழ்நாட்டுக் கடைகளுக்கு இந்தத் தேர்வே கிடையாது. 2019 ஜனவரி 1 முதல் இங்கே எந்தத் தடிமன் கேரி பேக்கும் கூடாது, துணி போலத் தோன்றும் நான்-வோவன் பையும் கூடாது. "120 மைக்ரான் என்றால் பரவாயில்லை" என்று சொல்லி இங்கே யாராவது விற்க வந்தால், அவர் மத்திய விதியை மட்டும் படித்துவிட்டு வந்திருக்கிறார்.

ஒரு மைக்ரானுக்கு எவ்வளவு எடை

ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு சதுர மீட்டர் ஃபிலிம் ஒரு மைக்ரான் தடிமனில் இருந்தால் அதன் கன அளவு சரியாக ஒரு கன சென்டிமீட்டர். எல்டி எனப்படும் பாலிதீனின் அடர்த்தி சுமார் 0.92 என்பதால் அதன் எடை 0.92 கிராம். இந்த ஒரு கணக்கு கையில் இருந்தால் போதும், மற்றதெல்லாம் பெருக்கல்தான்.

மளிகைக் கடையில் சாதாரணமாகப் புழங்கும் 40 செ.மீ. அகலம், 50 செ.மீ. உயரமுள்ள பையை எடுத்துக்கொள்வோம். முன்பக்கமும் பின்பக்கமும் சேர்த்து 0.4 சதுர மீட்டர். மூலப்பொருள் கிலோ 120 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால் இப்படி வரும்:

| தடிமன் | ஒரு பையின் எடை | ஒரு கிலோவில் எத்தனை பை | மூலப்பொருள் செலவு |
|---|---|---|---|
| 20 மைக்ரான் | 7.4 கிராம் | 136 | 88 பைசா |
| 50 மைக்ரான் | 18.4 கிராம் | 54 | ரூ. 2.20 |
| 75 மைக்ரான் | 27.6 கிராம் | 36 | ரூ. 3.30 |
| 120 மைக்ரான் | 44.2 கிராம் | 23 | ரூ. 5.30 |

மூலப்பொருள் விலை ஏறி இறங்கும், பைகளுக்கு இடையிலான விகிதம் மாறாது. தயாரிப்புக் கூலியும் வரியும் இதன் மேல் ஏறும்.

இந்த அட்டவணையில் ஒரு விஷயம் சொல்லப்படவில்லை. பழைய 20 மைக்ரான் பை பலவீனமானதல்ல. அது பெரும்பாலும் எச்.எம். எனப்படும் அடர்த்தி அதிகமான பாலிதீனால் ஆனது. கையில் எடுத்தால் சரசரவென்று சத்தம் போடும் அந்தக் கவர், எட்டு கிராம் எடையில் ஐந்து கிலோ அரிசியைத் தாராளமாகத் தாங்கும். பை அறுந்து பொருள் கொட்டிவிடும் என்ற கவலையால் யாரும் தடிமன் விதி போடவில்லை. பையின் வேலை முடிந்த பிறகு அது எங்கே போகிறது என்பதுதான் கவலை.

யார் குனிந்து எடுப்பார்கள்

2005 ஜூலை 26-இல் மும்பை வெள்ளத்தில் மூழ்கியபோது, வடிகால்களை அடைத்த மெல்லிய பைகள் மீதும் பெரிய பழி விழுந்தது. மத்திய விதி 20 மைக்ரானில் நின்றிருந்த காலத்திலேயே மகாராஷ்டிரம் 2006-இல் 50 மைக்ரானுக்குப் போனது அதன் தொடர்ச்சிதான். வங்கதேசம் 1998 வெள்ளத்துக்குப் பிறகு தடிமனைப் பற்றியெல்லாம் பேசிக்கொண்டிருக்காமல் 2002-இல் மெல்லிய பாலிதீன் பைகளை நேரடியாகத் தடை செய்தது.

இங்கே தடிமன் எப்படி உதவும்? நம் ஊர்களில் தெருவில் கிடக்கும் பிளாஸ்டிக்கைத் திரும்ப எடுப்பது பெரும்பாலும் குப்பை பொறுக்குபவர்களும் காயலான் கடைகளும்தான். அவர்களுக்குக் கூலி எடைக்கு. கழிவு ஃபிலிம் கிலோ 10 ரூபாய்க்குப் போகிறது என்று வைத்துக்கொண்டால், 20 மைக்ரான் பை ஒன்றைக் குனிந்து எடுப்பதற்கு 7 பைசா கிடைக்கும். 120 மைக்ரான் பைக்கு 44 பைசா. ஒரு கிலோ சேர்க்க 136 தடவை குனிவதா, 23 தடவை குனிவதா என்பதுதான் கேள்வி. அதே நேரத்தில் பக்கத்தில் கிடக்கும் தண்ணீர் பாட்டிலை எடுத்தால் இன்னும் கூடுதலாகக் கிடைக்கும் என்றால், மெல்லிய கவரை யாரும் தொட மாட்டார்கள். அது காற்றில் பறந்து வாய்க்காலுக்குப் போகும். 44 கிராம் பை அவ்வளவு எளிதில் பறக்காது என்பதும் கூடுதல் லாபம்.

அழுக்கின் கணக்கு இதைவிட முக்கியம், ஆனால் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சேறும் ஈரமும் ஒட்டுவது பையின் பரப்பில், தடிமனில் அல்ல. மேலே சொன்ன பைக்கு உள்ளும் புறமும் சேர்த்து 0.8 சதுர மீட்டர் பரப்பு இருக்கிறது. அதன் மேல் சராசரியாகப் பத்து மைக்ரான் ஈரச்சேறு படிந்தாலே குறைந்தது எட்டு கிராம் ஆகிவிடும். 7.4 கிராம் பையில் எட்டு கிராம் சேறு என்றால் வாங்குபவர் காசு கொடுப்பதில் பாதிக்கு மேல் சேற்றுக்கு. 44.2 கிராம் பையில் அதே எட்டு கிராம், மொத்த எடையில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. மெல்லிய ஃபிலிமைக் காயலான் கடைக்காரர் வாங்க மறுப்பதற்கோ அடிமாட்டு விலைக்குக் கேட்பதற்கோ காரணம் இந்தக் கழிவுதான்.

ஆனால் தடிமன் மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானித்துவிடாது என்பதற்கு நம் வீட்டு பால் கவரே சாட்சி. அதன் தடிமன் ஐம்பது மைக்ரானைச் சுற்றித்தான் இருக்கும், எடை இரண்டு மூன்று கிராம்தான். ஆனாலும் அது காயலான் கடைக்கு ஒழுங்காக வந்து சேருகிறது. எல்லாம் ஒரே வகை பிளாஸ்டிக், ஒரே மாதிரி அளவு. அதைவிட முக்கியமாக, அது தெருவுக்குப் போவதற்கு முன்பே வீட்டில் கழுவிக் காயவைத்துச் சேர்க்கப்படுகிறது. கேரி பேக் அப்படிச் சேர்வதில்லை. வீட்டில் அது குப்பை கட்டும் பையாக மாறி, ஈரக்குப்பையோடு போய்விடுகிறது. 120 மைக்ரான் பையில் சாம்பாரும் மீன் முள்ளும் கட்டிப் போட்டால், அதன் தடிமனால் மறுசுழற்சிக்கு ஒரு நன்மையும் இல்லை.

தொட்டியிலும் இயந்திரத்திலும்

பை எப்படியோ ஆலைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதலில் பிரிப்பு. சுழலும் தட்டுகள் கொண்ட சலிப்பான்களில் மெல்லிய ஃபிலிம் தண்டுகளைச் சுற்றிக்கொள்ளும். இயந்திரத்தை நிறுத்தி, கத்தியால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். வெட்டும் இயந்திரத்திலும் மெல்லிய எச்.எம். கவர் துண்டாவதற்குப் பதிலாக நீண்டு இழுபடும். தடித்த ஃபிலிமும் சுற்றும்தான், ஆனால் சட்டென்று வெட்டுப்படும்.

அடுத்து கழுவல். துண்டுகள் தண்ணீர்த் தொட்டியில் விழும். பாலிதீன் மிதக்கும், மண்ணும் பிவிசி பிளாஸ்டிக்கும் மூழ்கும். மேலே மிதப்பதை வழித்து எடுத்துப் பிழிந்து உலர்த்துவார்கள். மெல்லிய துண்டுகளுக்கு எடைக்கு ஒப்பிட்டால் பரப்பு அதிகம் என்பதால் அவை பிடித்துக்கொள்ளும் தண்ணீரும் அதிகம். அந்தத் தண்ணீரை விரட்டக் கூடுதல் மின்சாரம் ஆகும். சரியாக உலராமல் உருக்கினால் ஆவி குமிழாகி, உருக்கி எடுக்கும் பிளாஸ்டிக் குருணையில் ஓட்டை விழும்.

தொட்டியில்தான் ஒரு பெரிய ஏமாற்றும் வெளியே வருகிறது. விதி கேட்கும் தடிமனை மலிவாகக் காட்டச் சில தயாரிப்பாளர்கள் பாலிதீனோடு சுண்ணாம்புத் தூளைக் கலக்கிறார்கள். கொஞ்சம் கலப்பது தொழிலில் சகஜம், அதனால் பெரிய கேடில்லை. எடையில் சுமார் 12 சதவீதத்தைத் தாண்டினால் கலவையின் அடர்த்தி ஒன்றைத் தொட்டுவிடும். 30 சதவீதம் கலந்தால் 1.15 வரை போகும். அப்படிப்பட்ட பை, அச்சில் 120 மைக்ரான் என்று பெருமையாகப் போட்டுக்கொண்டு வந்தாலும், தொட்டியில் மண்ணோடு மண்ணாக மூழ்கிக் கழிவாகப் போகும். தடிமன் விதிக்கு அது உட்பட்டதுதான், மறுசுழற்சிக்கு மட்டும் உதவாது. கண்டுபிடிப்பது எளிது: பையின் ஓரத்தில் ஒரு சிறு துண்டை வெட்டி, ஒரு சொட்டு பாத்திரம் துலக்கும் சோப்பு விட்ட தண்ணீரில் நன்றாக அமுக்கிவிட்டுக் கையை எடுங்கள். சோப்பு விடாவிட்டால் காற்றுக்குமிழி ஒட்டிக்கொண்டு பொய்யாக மிதக்க வைக்கும். நல்ல எல்டி துண்டு மேலே வரும். கீழேயே கிடந்தால் அந்தப் பையை வாங்காதீர்கள்.

உருக்கிய பிறகும் தடிமனுக்கு ஒரு பங்கு இருக்கிறது, இந்த முறை புதுப் பை செய்யும் பக்கத்தில். பழைய ஃபிலிமில் இருந்து வந்த குருணையில் உருகாத சிறு துகள்கள் எப்படியும் இருக்கும். சல்லடையைத் தாண்டி ஐம்பது அறுபது மைக்ரான் துகள் ஒன்று வந்துவிட்டால், உருகிய பிளாஸ்டிக்கைக் குழாயாக ஊதி 20 மைக்ரான் ஃபிலிம் செய்யும்போது அந்த இடத்தில் ஓட்டை விழுந்து, ஊதிய குழாய் முழுவதும் உடைந்து இறங்கும். 120 மைக்ரான் ஃபிலிமில் அதே துகள் ஒரு சிறு பருவாக உட்கார்ந்துகொள்ளும், வேலை நிற்காது. ஆகவே மறுசுழற்சிப் பொருளைக் கணிசமாகக் கலந்து பை செய்ய வேண்டுமென்றால் தடிமன் தேவைதான். தடித்த பைக்குச் சாதகமாகச் சொல்லப்படும் காரணங்களில் இதைத்தான் மிக உறுதியானதாகச் சொல்ல முடியும். என்ன, வாடிக்கையாளர் கண்ணுக்கு அது தெரியாது.

திரும்பப் பயன்படுத்துவார்களா

தடித்த பையைத் தூக்கி எறிய மனம் வராது, மக்கள் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவார்கள் என்பது விதியின் இரண்டாவது எதிர்பார்ப்பு. ஐரோப்பிய ஒன்றியம் 2015-இல் கொண்டுவந்த உத்தரவும் 50 மைக்ரானுக்குக் குறைந்த பைகளைத்தான் குறிவைத்தது. மெல்லிய பைகள் குறைவாகவே மறுபடி பயன்படுகின்றன என்பது அதன் வாதம்.

பொருள் ரீதியாகப் பார்த்தால் பாதி உண்மை. தடிமனை ஆறு மடங்காக்கினால் பையின் ஆயுள் ஆறு மடங்காவதில்லை, ஏனென்றால் பை நடுவில் கிழிவதில்லை. கைப்பிடிக்காக வெட்டிய ஓட்டையின் மூலையில் கிழியும், இல்லையென்றால் சூட்டால் ஒட்டிய பக்கத் தையலில் பிரியும். ஓட்டையின் மூலை வளைவாக இல்லாமல் கூராக வெட்டப்பட்டிருந்தால் 120 மைக்ரான் பையும் சில தடவையிலேயே அங்கிருந்து கிழிந்து இறங்கும். ஒட்டும் பட்டையின் சூடு அதிகமாகப் போனால் தையலுக்குப் பக்கத்தில் ஃபிலிம் மெலிந்து, அங்கே வாய் பிளக்கும். ஆகவே மறுபயன்பாட்டுக்கென்று பை வாங்கும் கடைக்காரர் மைக்ரானைப் பார்த்த கையோடு கைப்பிடியையும் பார்க்க வேண்டும்: மூலை வளைந்திருக்கிறதா, அந்த இடத்தில் உள்ளே கூடுதலாக ஒரு பட்டை ஒட்டியிருக்கிறதா, ஐந்து கிலோ போட்டுப் பத்து முறை வெடுக்கென்று தூக்கினால் பக்கத் தையல் வெளுக்கிறதா. வெளுத்தால் அந்த இடம் நீள ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம், அடுத்தது கிழிசல்தான்.

எத்தனை முறை பயன்படுத்தினால் ஈடாகும் என்ற கேள்விக்கு எடை விகிதமே ஏறக்குறைய பதில் சொல்லிவிடும். 20 மைக்ரான் பைக்குப் பதில் 120 என்றால் ஆறு முறை, 50-க்குப் பதில் என்றால் இரண்டரை முறை. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல உரைகல். எட்டு கிராம் எச்.எம். பையை ஒரே முறை பயன்படுத்தி எறிவதோடு ஒப்பிட்டு, புவி வெப்பமாதல் கணக்கில் ஈடுகட்ட, 35 கிராம் எல்டி பையை 4 முறையும், நான்-வோவன் பையை 11 முறையும், பருத்திப் பையை 131 முறையும் பயன்படுத்த வேண்டும் என்று அது கண்டது. முப்பத்தைந்தை எட்டால் வகுத்துப் பாருங்கள், நாலேகாலுக்குச் சற்று மேல் வரும். இதே ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது: மெல்லிய பைகள் எல்லாமே வீட்டில் குப்பைப் பையாக இன்னொரு முறை பயன்பட்டால், எல்டி பைக்கான எண்ணிக்கை 9 ஆகவும், பருத்திக்கு 327 ஆகவும் ஏறும்.

இந்த எண்களைக் காட்டித் துணிப்பை வீண் என்று வாதிடுபவர்கள் உண்டு. அந்த ஆய்வு வடிகால் அடைப்பையும் மாட்டின் வயிற்றையும் கணக்கில் எடுக்கவில்லை. ஊருக்கு எது முதல் பிரச்சினையோ, அதற்குரிய தராசில் போட வேண்டும். அடைபட்ட வாய்க்கால் பிரச்சினை என்றால் கிராம் கார்பனை எண்ணிக்கொண்டிருப்பதில் பொருளில்லை. மேலும், வாரம் இரண்டு முறை கடைக்குப் போகும் வீட்டில் ஒரு துணிப்பை பதினாறு மாதத்தில் 131-ஐத் தாண்டிவிடும். பழைய வேட்டியிலோ புடவையிலோ தைத்த பை என்றால் பருத்தி விளைவித்த செலவையே அதன் கணக்கில் ஏற்ற வேண்டியதில்லை.

கலிஃபோர்னியாவும் அயர்லாந்தும்

தடிமனை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்குக் கலிஃபோர்னியா நல்ல பாடம். 2014-இல் நிறைவேறி, 2016 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பில் உறுதியான சட்டம், மெல்லிய பைகளைத் தடுத்து, 57 மைக்ரானுக்குக் குறையாத பைகளைக் குறைந்தது 10 சென்ட் விலையில் விற்க அனுமதித்தது. அந்தப் பை பத்து கிலோ எடையை 53 மீட்டர் தூரம் 125 முறை சுமக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்ற சோதனையும் இருந்தது. பை சோதனையில் தேறியது. வாங்கியவர்கள் 125 முறை பயன்படுத்தவில்லை. 10 சென்ட் அங்கே ஒரு பொருட்டே இல்லை, கையை வீசிக்கொண்டு வந்து ஒவ்வொரு முறையும் புதுப் பை வாங்கினார்கள். வீட்டு வாசலில் எடுக்கும் மறுசுழற்சிப் பெட்டியும் பெரும்பாலான இடங்களில் அதை ஏற்கவில்லை. மாநிலத்தின் கழிவுக் கணக்கில் 2014-இல் சுமார் 1.57 லட்சம் டன்னாக இருந்த பைக் கழிவு, 2022-இல் 2.31 லட்சம் டன்னாக ஏறியிருந்தது. 2024 செப்டம்பரில் கையெழுத்தான புதிய சட்டம், கல்லாவில் கொடுக்கும் பிளாஸ்டிக் பைகளைத் தடிமன் வித்தியாசமின்றி 2026 ஜனவரி 1 முதல் நிறுத்தச் சொல்லிவிட்டது.

அயர்லாந்து நேர்மாறாகப் போனது. 2002 மார்ச்சில் பை ஒன்றுக்கு 15 சென்ட் வரி, அவ்வளவுதான். தடிமனுக்கு அளவு எதுவும் வைக்கவில்லை, ஆனால் 70 சென்ட்டுக்குக் குறையாமல் விற்கப்படும் உறுதியான பைக்கு வரி இல்லை. ஆளுக்கு ஆண்டுக்கு 328 பைகள் என்றிருந்தது 21-க்கு இறங்கியது. மெல்ல ஏறத் தொடங்கியபோது 2007-இல் வரியை 22 சென்ட் ஆக்கினார்கள்.

இந்தியாவிலும் விலை என்ற பாதி விதிகளில் இருந்தது. கேரி பேக்கை இலவசமாகத் தரக்கூடாது என்று 2011 விதிகள் சொன்னன. 2016 விதிகளில் பை தரும் கடைக்காரர் உள்ளாட்சிக்கு மாதம் 4,000 ரூபாய் கட்டிப் பதிவு செய்ய வேண்டும் என்ற பிரிவு இருந்தது. 2018 மார்ச் திருத்தத்தில் அது நீக்கப்பட்டது. பிறகு 2021-இல் தடிமன் மட்டும் ஏறியது. அதற்கிடையில் பைக்குக் காசு வாங்கிய கடைகள் நுகர்வோர் ஆணையங்களில் சிக்கின. முன்கூட்டியே சொல்லாமல் பில் போடும்போது பைக்குக் காசு கேட்பது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020 டிசம்பரில் சொன்னது. ஆகவே விலை வைக்க விரும்பும் கடை அதை வாசலிலேயே பெரிதாக எழுதி வைக்க வேண்டும், கல்லாவில் போய்ச் சொல்லக்கூடாது.

தடிமன் விதி தானாகவே மறைமுகமாக ஒரு விலையை ஏற்றத்தான் செய்கிறது. மூலப்பொருளுக்கே ஐந்து ரூபாய் ஆகும் பையை யாரும் அலட்சியமாக வாரி வழங்க மாட்டார்கள். 120 மைக்ரானின் உண்மையான வேலை அதுதான் என்பது எங்கள் கணிப்பு. இன்னொரு வசதி, ஆய்வுக்குப் போகும் அதிகாரிக்கு. 40 மைக்ரானையும் 50 மைக்ரானையும் கைவிரலால் பிரித்தறிய முடியாது. 50-ஐயும் 120-ஐயும் தொட்ட மாத்திரத்தில் சொல்லிவிடலாம்.

அப்படியானால் எதை எடுப்பது

ஒரு பல்பொருள் அங்காடி ஒரு நாளைக்கு ஆயிரம் பைகளை 50 மைக்ரானில் இலவசமாகக் கொடுத்து வந்தது என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 18.4 கிலோ பிளாஸ்டிக். 120-க்கு மாறிய பிறகும் அதே ஆயிரம் பை போனால் 44.2 கிலோ. பழைய எடையைத் தாண்டாமல் இருக்க, பைகளின் எண்ணிக்கை 416-க்குக் கீழே இறங்க வேண்டும். அதாவது ஆயிரம் பேரில் ஏறக்குறைய அறுநூறு பேர் பை கொண்டுவர வேண்டும் அல்லது பை இல்லாமல் போக வேண்டும். பில் இயந்திரத்தில் பையைத் தனிப் பொருளாகப் போட்டால் இந்த எண் மாதக் கடைசியில் தானாகவே கிடைக்கும். 416-க்குக் கீழே வராவிட்டால் விலை போதவில்லை. அடக்க விலைக்கு மேல் ஏற்றிப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் பிளாஸ்டிக் பையையே விட்டுவிட வேண்டும். பெரிய கடைக்கு, பில்லோடும் அறிவிப்போடும், 120 மைக்ரான் ஒரு தேறக்கூடிய வழி.

தள்ளுவண்டிக்கு அது வழியே அல்ல. கீரைக்கட்டோ பூவோ போடும் 20க்கு 30 செ.மீ. பையே 120 மைக்ரானில் 13 கிராம் வரும், மூலப்பொருளுக்கு மட்டும் ஒன்றரை ரூபாய்க்கு மேல். பத்து ரூபாய்க் கீரைக்கு யார் கொடுப்பார்கள்? விதியை மீறிய மெல்லிய கவர் சந்தையை விட்டுப் போகாமல் இருப்பது இந்த இடத்தில்தான், பெரிய கடைகளில் அல்ல. வாழையிலை, மந்தாரை இலை, பழைய செய்தித்தாள், வாங்குபவரின் பை என்று பழைய வழிகள்தான் இந்த அளவுக்குப் பொருந்தும். காய்கறிச் சந்தையில் வாசலிலேயே துணிப்பை கிடைக்க ஏற்பாடு செய்வது, ஒவ்வொரு வண்டியிலும் மைக்ரான் அளப்பதைவிடச் சிக்கனமானது.

நான்-வோவன் பைக்கு மத்திய விதி தடிமனைக் கேட்பதில்லை, சதுர மீட்டருக்கு 60 கிராம் இருக்க வேண்டும் என்று எடையைக் கேட்கிறது. நம் அளவுப் பைக்குக் கைப்பிடி தவிர 24 கிராம். 120 மைக்ரான் ஃபிலிமைவிட இலேசு, மடித்துப் பைக்குள் வைக்கலாம், கைப்பிடியும் உறுதி. ஆனால் அது துணி அல்ல, பாலிப்ரோப்பிலீன் நார். வெயிலில் தொங்கவிட்டால் உதிரும், ஈரமான மீனோ கறியோ போட்டால் நாரில் ஏறிய வாடை போகாது. உலர்ந்த சரக்குக் கடைக்கு ஏற்றது, அதுவும் மாநிலத் தடை இல்லாத இடத்தில் மட்டும்.

மக்கும் பைக்குத் தடிமன் விதி பொருந்தாது. அதில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று இருக்க வேண்டும். அறுபது டிகிரியை ஒட்டிய சூட்டில் பெரிய உரக்கிடங்கில்தான் அது ஒழுங்காக மக்கும், வாய்க்காலில் அல்ல. பாலிதீனோடு கலந்து ஆலைக்குப் போனால் குருணையைக் கெடுக்கும். ஈரக்குப்பையைத் தனியாக எடுத்துச் சூடான உரக்கிடங்குக்கு அனுப்பும் ஊரில் மட்டும் யோசிக்கலாம். மற்ற ஊர்களில் அது விலை கூடிய சாதாரணக் கவர்தான்.

வாங்கும்போது எப்படிச் சரிபார்ப்பது

கேரி பேக்கின் மேல் தயாரிப்பாளர் பெயர், பதிவு எண், தடிமன் மூன்றையும் அச்சிட வேண்டும் என்று 2016 விதிகள் சொன்னன. அச்சு இல்லாத பையைத் தொடவே வேண்டாம். ஆனால் அச்சு இருந்தால் மட்டும் நம்பிவிடவும் கூடாது.

கட்டிலிருந்து பத்து பையை உருவிச் சமையலறைத் தராசில் வையுங்கள். ஒரு பையின் எடையைக் கண்டுபிடித்து, அதைச் சதுர மீட்டரில் இரண்டு பக்கப் பரப்பால் வகுத்து, மறுபடி 0.92-ஆல் வகுங்கள். விடை மைக்ரானில் வரும். 40க்கு 50 பை பத்தும் சேர்ந்து 300 கிராம் என்றால், ஒன்று 30 கிராம். அதை 0.4-ஆல் வகுத்தால் 75, மறுபடி 0.92-ஆல் வகுத்தால் சுமார் 82 மைக்ரான். மேலே 120 என்று அச்சிட்டிருந்தால் அது பொய். அடியிலோ பக்கத்திலோ உள்ளே மடித்த மடிப்பு இருந்தால் அதையும் விரித்துத்தான் பரப்பை அளக்க வேண்டும். இல்லையென்றால் பை இருப்பதைவிடத் தடிமனாகத் தெரியும்.

எடை சரியாக வந்தும் சந்தேகம் இருந்தால், சுண்ணாம்புத் தூள் கலந்து எடை காட்டுகிறார்களா என்று மேலே சொன்ன தண்ணீர்ச் சோதனையில் பாருங்கள். அடுத்து வெர்னியர் காலிப்பர். பையை எட்டு அடுக்கு வரும்படி மடித்து, காற்றை நீவி எடுத்துவிட்டு அளந்தால் 120 மைக்ரான் பை 0.96 மி.மீ. காட்ட வேண்டும். ஊதித் தயாரிக்கும் ஃபிலிமில் இடத்துக்கு இடம் கொஞ்சம் ஏற்ற இறக்கம் இருக்கும் என்பதால் வாய், நடு, அடி என்று மூன்று இடத்திலாவது அளக்க வேண்டும். புள்ளி புள்ளியாக மேடு அழுத்திய ஃபிலிமில் காலிப்பர் மேட்டைத்தான் அளக்கும், உண்மையான தடிமனைவிடக் கூடுதலாகவே காட்டும். அந்த வகைப் பைக்கு எடைக் கணக்கும் தண்ணீர்ச் சோதனையும்தான் சரி.